இரண்டாவது வாரத்தில் ஒன்பது கொத்தனார்

ஆயிரம் சதுர அடியில் ஒரு தரைத்தள வீடு. தமிழ்நாட்டின் எந்தச் சிறு ஊரிலும் பார்க்கக்கூடிய வீடுதான். சுவர் எழும்பி, கூரைக் கான்கிரீட் போட்டு, முட்டுகளையும் பிரித்தாகிவிட்டது. இனி பூச்சு, வயரிங், குழாய், டைல்ஸ், பெயிண்ட் என்று வரிசையாக வேலைகள் இருக்கின்றன. வீட்டுக்காரர் ஒரு தாளில் எந்த வேலை எந்த வாரம் என்று கோடு போட்டு எழுதியிருக்கிறார். கணக்குப்படி எட்டே வாரத்தில் குடி போகலாம்.

அந்தத் தாளில் தேதிகள் எல்லாம் சரியாகவே இருக்கலாம். ஒரு வேலை முடிந்தபின்தான் அடுத்தது என்ற ஒழுங்கும் சரியாக இருக்கலாம். ஆனால் இரண்டாவது வாரம் திங்கட்கிழமை காலையில் மேஸ்திரி வந்து, "சார், நீங்க போட்டிருக்கிற வேலைக்கு ஒன்பது கொத்தனாரு வேணும். எங்கிட்ட இருக்கிறது நாலு பேரு" என்று சொன்னால், அந்தத் தாளில் அதற்கு விடை கிடையாது. எந்த வேலை எப்போது என்பதை மட்டுமே அது சொல்கிறது. அந்த வேலைகளை ஒரே நாளில் எத்தனை பேர் செய்ய வேண்டும் என்று அது கூட்டிப் பார்க்கவே இல்லை.

பெரிய கட்டுமான நிறுவனங்கள் இந்தக் கூட்டலுக்கு இரண்டு கருவிகளை வைத்திருக்கின்றன. வேலைக்குத் தேவையான ஆட்கள், கருவிகள், பொருட்கள் எல்லாவற்றையும் கிளை கிளையாகப் பிரித்து எழுதும் பட்டியலுக்கு 'ரிசோர்ஸ் பிரேக்டவுன் ஸ்ட்ரக்சர்' என்று பெயர். தமிழில் வளப் பகுப்பு என்று சொல்லலாம். அதில் உள்ள ஒவ்வொன்றும் எந்த வாரம் எவ்வளவு தேவை என்பதைப் பட்டைகளாக நிறுத்திக் காட்டும் படம் 'ரிசோர்ஸ் ஹிஸ்டோகிராம்'. பாலமும் அணையும் கட்டுகிறவர்களுக்கான சமாச்சாரம் என்று ஒதுக்கிவிட வேண்டியதில்லை. ஐந்தாறு வகை ஆட்கள் வந்துபோகும் ஒரு வீட்டுக்கு, கோடு போட்ட நோட்டும் பென்சிலும் இருந்தால் ஒரு மாலைப்பொழுதில் இரண்டையும் போட்டுவிடலாம்.

முதலில் வளப் பகுப்பு. மேலே மூன்று பெரிய கிளைகள்: ஆட்கள், கருவிகள், பொருட்கள். ஆட்கள் என்ற கிளையிலிருந்து கொத்து வேலை, மின்வேலை, குழாய் வேலை, டைல்ஸ், பெயிண்ட் என்று ஐந்து கிளைகள் பிரிகின்றன. கொத்து வேலையின் கீழே கொத்தனார் தனி, சித்தாள் தனி. கருவிகளின் கீழே சாரம், கலவை மெஷின். பொருட்களின் கீழே சிமென்ட், எம்-சாண்ட், டைல்ஸ், குழாய்கள் என்று போகும்.

எதுவரை பிரிப்பது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். அதற்கு நம்பகமான ஒரே கேள்வி போதும்: இவர் வராவிட்டால் அவர் அந்த வேலையைச் செய்ய முடியுமா? எலக்ட்ரீஷியன் வராத நாளில் பிளம்பரை வைத்துக் குழாய் பதித்து வயர் இழுக்க முடியாது. ஆகவே அவர்கள் இரண்டு பெட்டி. செங்கல் கட்டும் கொத்தனாரும் பூசும் கொத்தனாரும் சிறிய குழுக்களில் பெரும்பாலும் ஒருவரேதான், அதனால் அவர்களை ஒரே பெட்டியில் வைக்கலாம். ஆனால் டைல்ஸ் பதிக்கிறவரைக் கொத்தனார் பெட்டியில் போட்டால் தவறு. மட்டம் பார்த்து, வெட்டி, இடைவெளி பிசகாமல் பெரிய டைல்ஸைப் பதிக்கும் கைப்பழக்கம் வேறு. சொன்னால் கொத்தனாரும் செய்து தருவார், வீட்டுக்காரர்தான் இருபது வருஷம் அந்தத் தரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

தேவைக்கு மேல் பிரிப்பதும் கெடுதல். பூச்சுக்கு ஒரு சித்தாள், கட்டு வேலைக்கு ஒரு சித்தாள், தண்ணீர் விட ஒரு சித்தாள் என்று மூன்று பெட்டி போட்டால் படம் மூன்று துண்டாகிறது. உண்மையில் அவர்கள் மூவரும் ஒருவர் வேலையை ஒருவர் பார்ப்பவர்கள்தான்.

இந்தப் பகுப்பை ஏன் முதலில் போட வேண்டும்? ஹிஸ்டோகிராமை எந்தப் பெட்டிக்குப் போடுவது என்பதை அதுதான் முடிவு செய்கிறது. இதைத் தவறவிட்டு, வேலைக்கு வரும் எல்லாத் தலைகளையும் ஒன்றாகக் கூட்டிப் படம் போடுவோர் நிறைய. அந்தப் படம் எப்படி ஏமாற்றும் என்பதை இந்த வீட்டின் கணக்கிலேயே பார்க்கலாம்.

வேலைகளை எடுத்துக்கொள்வோம். வாரத்துக்கு ஆறு நாள் வேலை. முதல் வாரம் இரண்டு எலக்ட்ரீஷியன்கள் சுவரில் காடி வெட்டிக் குழாய் பதிக்கிறார்கள், இரண்டு பிளம்பர்கள் தண்ணீர்க் குழாய்களைச் சுவருக்குள் வைக்கிறார்கள். அது முடிந்தால்தான் உள் பூச்சு. சுவரும் கூரையின் அடிப்பக்கமும் சேர்த்துச் சுமார் 3,600 சதுர அடி. ஒரு கொத்தனார், உடன் ஒரு சித்தாளோடு, நாளொன்றுக்கு 100 சதுர அடி பூசுவார் என்று வைத்தால் 36 கொத்தனார்-நாள். மூன்று பேர் பூசினால் 12 நாள், அதாவது இரண்டாவது, மூன்றாவது வாரங்கள். நான்காவது வாரம் பூச்சை நனைத்துக் காயவிடும் வாரம். ஐந்தும் ஆறும் டைல்ஸ், இரண்டு ஆள். ஏழும் எட்டும் பெயிண்ட், மூன்று ஆள்; ஏழாவது வாரம் உள்ளே, எட்டாவது வாரம் வெளியே. ஏழாவது வாரத்திலேயே எலக்ட்ரீஷியன்களும் பிளம்பர்களும் திரும்பி வந்து மீதி வேலையை முடிக்கிறார்கள்.

இந்த வரிசையில் எது ஒரு வாரம் இழுத்தாலும் குடி போவதும் ஒரு வாரம் தள்ளும். இதில் எந்த இளக்கமும் இல்லை.

கொத்தனாருக்கு இன்னும் நான்கு வேலை இருக்கிறது. வெளிப் பூச்சு: இரண்டு பேர், இரண்டு வாரம். காம்பவுண்ட் சுவர்: இரண்டு பேர், இரண்டு வாரம். செப்டிக் டேங்க்: இரண்டு பேர், ஒரு வாரம். மொட்டை மாடியில் கைப்பிடிச் சுவரின் உட்புறப் பூச்சும் தட்டோடு பதிப்பதும் சேர்த்து: இரண்டு பேர், ஒரு வாரம். வீட்டுக்காரர் தம் தாளில் இவை ஒவ்வொன்றையும் எவ்வளவு சீக்கிரம் தொடங்க முடியுமோ அவ்வளவு சீக்கிரம் தொடங்கும்படி போட்டிருந்தார். சீக்கிரம் ஆரம்பித்தால் சீக்கிரம் முடியும் என்பது யாருக்கும் தோன்றுவதுதான். செப்டிக் டேங்கும் காம்பவுண்டும் முதல் வாரமே தொடங்குகின்றன. சுவரில் காடி வெட்டி முடிந்ததும் இரண்டாவது வாரம் வெளிப் பூச்சு. மழைநீர்க் குழாயின் வாயைப் பிளம்பர் வைத்துவிட்டால் அதே இரண்டாவது வாரம் தட்டோடு.

இப்போது கொத்தனார் என்ற ஒரு பெட்டியை மட்டும் எடுத்து வாரவாரியாகக் கூட்டினால் வருவது இது:

```
வாரம் 1  ■ ■ ■ ■
வாரம் 2  ■ ■ ■ ■ ■ ■ ■ ■ ■
வாரம் 3  ■ ■ ■ ■ ■
வாரம் 4
வாரம் 5
வாரம் 6
வாரம் 7
வாரம் 8
```

இரண்டாவது வாரத்தில் உள் பூச்சுக்கு மூன்று, வெளிப் பூச்சுக்கு இரண்டு, காம்பவுண்டுக்கு இரண்டு, தட்டோட்டுக்கு இரண்டு. ஆக ஒன்பது. மேஸ்திரி திங்கட்கிழமை சொன்ன அதே எண். தேதித் தாள் தயாரான அன்றே இந்தப் படத்தையும் போட்டிருந்தால் இரண்டு வாரம் முன்பே இது கண்ணில் பட்டிருக்கும்.

இதே வாரங்களில் சித்தாள் நீங்கலாக எல்லா வகை ஆட்களையும் ஒன்றாகக் கூட்டினால் முதல் வாரம் எட்டுப் பேர், இரண்டாவது வாரம் ஒன்பது பேர். ஒரே ஒரு ஆள்தான் கூடுதல்! பார்ப்பவர் நிம்மதியாக மடித்து வைத்துவிடுவார். ஏனென்றால் முதல் வாரத்து எட்டில் நான்கு பேர் எலக்ட்ரீஷியனும் பிளம்பரும். அவர்கள் போன இடத்தில் கொத்தனார்கள் வந்து நிற்பது கூட்டுத்தொகையில் தெரியவில்லை. கொத்தனார் கணக்கு நான்கிலிருந்து ஒன்பதாக, இரண்டு மடங்குக்கும் மேல் தாவியது அந்தப் படத்தில் முழுக்க மறைந்துபோகிறது. ஏழாவது வாரத்திலும் ஏழு பேர் வேலையில் இருப்பார்கள், அதில் கொத்தனார் ஒருவர்கூட இல்லை. பகுப்பு இல்லாமல் போடும் ஹிஸ்டோகிராம் பயனற்றது என்று சொன்னால்கூடப் போதாது, அது தவறான நிம்மதியைத் தருகிறது.

ஒன்பது பேர் வேண்டிய இடத்தில் நான்கு பேர் வந்தால் வேலைத்தளத்தில் என்ன நடக்கும்? மேஸ்திரி யாரையும் வருத்தப்படுத்த விரும்பாமல் ஆட்களைப் பிரித்து விடுவார். உள்ளே இரண்டு பேர், வெளியே இரண்டு பேர். எல்லா இடத்திலும் வேலை நடப்பது போலத் தெரியும். ஆனால் 36 கொத்தனார்-நாள் வேண்டிய உள் பூச்சை இரண்டு பேர் செய்தால் 18 நாள், அதாவது மூன்று வாரம். உள் பூச்சு இளக்கமே இல்லாத வரிசையில் இருக்கிறது. அங்கே ஒரு வாரம் போனால் வீடு முழுவதும் ஒரு வாரம் போகிறது. அவசரமே இல்லாத வெளிப் பூச்சுக்கு ஆளைக் கொடுத்து, அவசரமான உள் பூச்சைப் பட்டினி போட்டதன் விலை அது. மூன்றாவது வாரம் முடிந்ததும் கொத்தனார் வேலை திடீரென்று அறுந்துபோவதும் ஒரு சிக்கல்தான். வேறு தளத்துக்குப் போய்விட்ட குழுவை, எங்காவது பூச்சு உதிர்ந்தால்கூடத் திரும்பக் கூப்பிடுவது எளிதல்ல.

பொருளுக்கும் ஆளுக்கும் உள்ள வேறுபாட்டையும் இங்கேயே சொல்ல வேண்டும். இந்த வாரம் செலவாகாத சிமென்ட் மூட்டை அடுத்த வாரத்துக்கு ஆகும். இன்று வேலையில்லாமல் போன கொத்தனாரின் நாளை எடுத்து வைக்க முடியாது. அதனால்தான் பொருட்களுக்கு இதுவரை எவ்வளவு தேவை என்று கூட்டிக்கொண்டே போகும் கணக்கும், ஆட்களுக்கு இந்த வாரம் எத்தனை பேர் என்ற பட்டையும் பொருத்தமாகின்றன.

சரி, பட்டையைத் தட்டையாக்குவது எப்படி? முதலில் நகர்த்த முடியாததை நட்டுவைக்க வேண்டும். உள் பூச்சு இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் மூன்று பேரோடு அப்படியே இருக்கட்டும். மற்ற நான்கு வேலைகளுக்கும் கடைசியாக எப்போது முடிந்தால் போதும் என்று பார்க்க வேண்டும். வெளியே பெயிண்ட் எட்டாவது வாரம். அதற்கு முன் ஒரு வாரம் நனைந்து காய வேண்டும். ஆகவே வெளிப் பூச்சு ஆறாவது வாரக் கடைசியில் முடிந்தால் போதும். பிளம்பர் ஏழாவது வாரம் திரும்பி வருவதால் செப்டிக் டேங்கும் ஆறாவது வாரத்துக்குள் ஆனால் சரி. உள்ளே பெயிண்ட் அடிக்கும்போது கூரை ஒழுகக்கூடாது என்பதால் தட்டோடும் ஆறுக்குள். காம்பவுண்டுக்கு எட்டாவது வாரம் வரை நேரம் உண்டு. இப்படிப் பார்த்தால் வெளிப் பூச்சுக்கு மூன்று வாரம், தட்டோட்டுக்கு நான்கு வாரம், செப்டிக் டேங்குக்கு ஐந்து வாரம், காம்பவுண்டுக்கு ஆறு வாரம் அவகாசம் கிடைக்கிறது. இந்த அவகாசத்துக்குள் நகர்த்தும் எதுவும் குடி போகும் நாளைத் தொடாது.

நகர்த்திப் பார்க்கலாம். செப்டிக் டேங்க் முதல் வாரத்திலேயே இருக்கட்டும். வெளிப் பூச்சு நான்காவது, ஐந்தாவது வாரத்துக்கு. தட்டோடு நான்காவது வாரத்துக்கு. காம்பவுண்ட் ஐந்தாவது, ஆறாவது வாரத்துக்கு.

```
வாரம் 1  ■ ■
வாரம் 2  ■ ■ ■
வாரம் 3  ■ ■ ■
வாரம் 4  ■ ■ ■ ■
வாரம் 5  ■ ■ ■ ■
வாரம் 6  ■ ■
வாரம் 7
வாரம் 8
```

வேலையின் அளவு மாறவில்லை, முன்பும் 108 கொத்தனார்-நாள், இப்போதும் 108. எட்டு வாரம் என்பதும் மாறவில்லை. உச்சம் மட்டும் ஒன்பதிலிருந்து நான்காக இறங்கியிருக்கிறது. மேஸ்திரியிடம் இருக்கும் நான்கு பேர் போதும். இரண்டு பேரில் தொடங்கி மெல்ல ஏறி, மெல்ல இறங்கும் இந்த உருவமே ஒரு குழுவை வைத்து வேலை வாங்குவதற்கு ஏற்றது.

சனிக்கிழமைச் சம்பளத்திலும் இது தெரியும். கொத்தனார் கூலி நாளுக்கு 1,000 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால், முதல் திட்டத்தில் இரண்டாவது வாரச் சனிக்கிழமை கொத்தனாருக்கு மட்டும் 54,000 ரூபாய் எண்ணிவைக்க வேண்டும். புதிய திட்டத்தில் எந்த வாரமும் 24,000 ரூபாயைத் தாண்டாது. மொத்தச் செலவு இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் வங்கிக் கடன் தவணை தவணையாக வரும் வீட்டில், ஒரே சனிக்கிழமை அரை லட்சத்துக்கு மேல் புரட்டுவது எவ்வளவு பாடு என்பது வீடு கட்டியவர்களுக்குத் தெரியும்.

எதிர்பாராத இன்னொரு ஆதாயமும் உண்டு. வளப் பகுப்பில் கருவிகளின் கீழே சாரம் என்று ஒரு பெட்டி இருந்தது. அதற்கும் ஒரு சிறிய படம் போட்டால், முதல் திட்டத்தில் உள் பூச்சும் வெளிப் பூச்சும் ஒரே இரண்டு வாரத்தில் மோதுவதால் கூரை அடி பூசவும் வெளியே ஏறி நிற்கவும் பலகையும் கம்பமும் இரண்டு தொகுதி வாடகைக்கு எடுக்க வேண்டும். புதிய திட்டத்தில் உள்ளே முடித்த பலகைகள் அப்படியே வெளியே போகின்றன. கொத்தனாருக்காக நகர்த்திய வேலை சாரத்தின் நெருக்கடியையும் தீர்த்துவிட்டது. எப்போதும் இப்படி அமையாது. சில சமயம் ஒரு பெட்டியைத் தட்டையாக்கினால் இன்னொரு பெட்டி உயரும். அதனால் முக்கியமான இரண்டு மூன்று பெட்டிகளுக்காவது தனித்தனிப் படம் வேண்டும்.

இதைவிடவும் தட்டையாக்க முடியாதா? முடியும். காம்பவுண்டை ஏழாவது, எட்டாவது வாரத்துக்கும், தட்டோட்டை ஆறாவது வாரத்துக்கும் தள்ளினால், இரண்டாவது, மூன்றாவது வாரங்களில் மூன்று பேர், மற்ற எல்லா வாரங்களிலும் இரண்டு பேர் என்று ஆகிவிடும். உச்சம் மூன்றே.

இரண்டு திட்டங்களில் எது அதிகத் தட்டை என்பதை அளக்க ஒரு முறை உண்டு. 1962-இல் பர்ஜெஸ், கில்புரூ என்ற இருவர் வெளியிட்டது அது. ஒவ்வொரு நாளின், அல்லது வாரத்தின் ஆள் எண்ணிக்கையை அதே எண்ணால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். மேடு பள்ளம் அதிகமானால் கூட்டுத்தொகை பெரிதாகும். முதல் திட்டத்தில் 16, 81, 25 சேர்ந்து 122. நான்கு பேர் திட்டத்தில் 58. மூன்று பேர் திட்டத்தில் 42. எண்ணை மட்டும் பார்த்தால் மூன்றாவது திட்டமே சிறந்தது.

ஆனால் வீட்டுக்காரர் தேர்ந்தெடுக்க வேண்டியது 58-ஐத்தான். மூன்று பேர் திட்டத்தில் தட்டோடும் காம்பவுண்டும் தங்கள் கடைசி வாரத்தில் போய் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அவகாசம் முழுவதையும் படத்தை அழகாக்குவதற்கே செலவழித்தாயிற்று. ஆறாவது வாரம் மூன்று நாள் மழை பெய்தால் தட்டோடு தள்ளிப்போகும், அதன்பின் பெயிண்டும் தள்ளிப்போகும். நான்கு பேர் திட்டத்தில் வெளிப் பூச்சுக்கு இன்னும் ஒரு வாரமும், தட்டோட்டுக்கும் காம்பவுண்டுக்கும் இரண்டிரண்டு வாரமும் கையிருப்பாக மிஞ்சியிருக்கின்றன. வடகிழக்குப் பருவமழை வரும் மாதங்களில் கூரை மேலும் வெளிச் சுவரிலும் வேலை செய்கிறவர்களுக்கு அந்த இரண்டு வாரம் எவ்வளவு பெரிது என்று விளக்க வேண்டியதில்லை.

படத்தில் தெரியாத காரணங்களும் முடிவில் பங்கெடுக்கும். காம்பவுண்டைத் தொடக்கத்திலேயே எழுப்பிவிட்டால் மணல் லாரி உள்ளே வர இடம் இருக்காது. வாசலில் கொட்டி, சித்தாள் சட்டியில் சுமக்க வேண்டிவரும். அந்தச் சுமைக்கூலி எந்தப் பட்டையிலும் வராது. ஐந்தாவது வாரத்தில் பெரிய லாரி லோடு எல்லாம் வந்து இறங்கியிருக்கும் என்பதால் அப்போது காம்பவுண்டைத் தொடங்குவது இதற்கும் ஒத்துப்போகிறது.

எல்லா வீட்டிலும் நகர்த்தியே தீர்த்துவிடலாம் என்று நினைக்கக்கூடாது. மேஸ்திரியிடம் இரண்டே கொத்தனார்தான் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 108 கொத்தனார்-நாளை இரண்டு பேருக்குப் பங்கிட்டால் 54 நாள், ஒன்பது வாரம். எட்டு வாரத்தில் முடியவே முடியாது என்பது எந்தப் படமும் போடாமல் ஒரு வகுத்தலிலேயே தெரிந்துவிடுகிறது. அப்போது இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். குடி போகும் நாளைத் தள்ள வேண்டும், இல்லையென்றால் வெளியிலிருந்து ஒருவரைக் கூட்டிவர வேண்டும். முடிவு நாளை மாற்றாமல் அவகாசத்துக்குள் மட்டும் நகர்த்துவது ஒரு வகை, ஆள் எண்ணிக்கையை மாற்றாமல் முடிவு நாளைத் தள்ள ஒப்புக்கொள்வது இன்னொரு வகை. எது தமக்கு முக்கியம் என்று வீட்டுக்காரர் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்துப் பத்திரிகை அடித்தவர் முதல் வகை. வாடகை வீட்டில் இன்னும் இரண்டு மாதம் இருக்க முடிந்தவர் இரண்டாவது வகையாக இருக்கலாம்.

எதிர்த் திசையிலும் எல்லை உண்டு. ஒன்பது கொத்தனார் கிடைத்தால் மட்டும் போதாது. ஒவ்வொருவருக்கும் ஒரு சித்தாள் என்றால் பதினெட்டுப் பேர் ஒரே மனையில் நடமாட வேண்டும். ஒரு கலவை மெஷின் ஒன்பது பேருக்கும் கலவை தர முடியாமல் திணறும். பட்டையின் ஒவ்வொரு கட்டமும் ஒரே அளவு வேலை செய்யும் என்று ஹிஸ்டோகிராம் எடுத்துக்கொள்கிறது. நெரிசலில் அப்படி நடக்காது.

படத்தில் பட்டைகளுக்குக் குறுக்கே ஒரு கோடும் வேண்டும். கையில் உண்மையாகவே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற கோடு. பலர் இதை நான்கு என்று நேராக இழுத்துவிடுகிறார்கள். கொத்தனார்கள் பொங்கலுக்கு ஊருக்குப் போவார்கள். தீபாவளிக்கு முந்தின நாள் யாரும் சாரத்தில் ஏறமாட்டார்கள். ஊர்த் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினால் சில குழுக்கள் அந்த வாரம் முழுக்க வராது. அந்த வாரங்களில் கோடு கீழே இறங்கித்தான் வர வேண்டும். மேஸ்திரியோடு உட்கார்ந்து, நாட்காட்டியை வைத்துக்கொண்டு இந்தக் கோட்டைப் போடுவது நல்லது. தம்மிடம் ஆள் இல்லாத வாரத்தை அவர் முன்கூட்டியே சொல்லிவிடுவார், கேட்டால்தான் சொல்வார்.

கணினியில் போட விரும்புகிறவர்களுக்கு எக்செல் போதும். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வரி, B பத்தியில் வளப் பகுப்பின் பெட்டிப் பெயர், D-யிலிருந்து K வரை எட்டு வாரங்களின் ஆள் எண்ணிக்கை. கீழே கொத்தனாருக்கு மட்டும் கூட்ட இந்த ஒரு வரி:

```
=SUMIF($B$2:$B$12,"கொத்தனார்",D2:D12)
```

இதை K வரை இழுத்துவிட்டு அந்த வரியைப் பட்டை வரைபடமாக்கினால் ஹிஸ்டோகிராம் தயார். வேலையை ஒரு வாரம் தள்ளுவது என்றால் எண்களை வலப்பக்கம் ஒரு கட்டம் நகர்த்துவதுதான். பெட்டிப் பெயரை ஒரு வரியில் 'கொத்தனார்' என்றும் இன்னொரு வரியில் 'கொத்தன்' என்றும் எழுதினால் இரண்டாவது வரி கணக்கில் வராது. உச்சம் குறைந்துவிட்டதாகப் பொய்யாகத் தெரியும். எல்லா வாரத்தையும் கூட்டி, 18 வருகிறதா என்று ஒவ்வொரு முறையும் சரிபார்த்தால் இந்தப் பிழை பிடிபட்டுவிடும். வேலைகளை எப்படி நகர்த்தினாலும் அந்த 18 மாறக்கூடாது.

வேலை தொடங்கியபின் இந்தப் படம் சுவரில் ஒட்டிய காகிதமாக நின்றுவிடக்கூடாது. ஆள் நோட்டில் வருகையைக் குறிக்கும் பழக்கம் எல்லாத் தளத்திலும் இருக்கிறது. சனிக்கிழமை சம்பளம் போடும்போது அந்த எண்ணையே திட்டப் பட்டைக்குப் பக்கத்தில் வேறு நிறத்தில் குறித்தால் போதும். ஆனால் ஆள் வந்ததை மட்டும் குறித்தால் பாதிதான் தெரியும். எவ்வளவு சதுர அடி முடிந்தது என்பதையும் டேப் பிடித்து அளந்து எழுத வேண்டும்.

இந்த வீட்டில் இரண்டாவது வாரம் முடிந்த சனிக்கிழமை இப்படி இருந்தால் என்ன செய்வது? திட்டப்படி மூன்று கொத்தனார், ஆறு நாளும் வந்தார்கள், 18 கொத்தனார்-நாள். பட்டைகள் இரண்டும் சமம். ஆனால் பூசி முடித்தது 1,800 சதுர அடிக்குப் பதில் 1,500-தான். ஒருவருக்கு நாளைக்கு 83 சதுர அடிதான் வருகிறது. சமையலறை, குளியலறை போன்ற சிறிய அறைகளில் மூலைகளும் காடி வெட்டிய பள்ளங்களும் அதிகம், அங்கே வேகம் குறைவது இயல்பு. மீதி 2,100 சதுர அடி. இதே வேகத்தில் சுமார் 25 கொத்தனார்-நாள் வேண்டும், திட்டத்தில் இருப்பதோ 18. மூன்று பேரையே வைத்து ஓட்டினால் எட்டு நாளுக்கு மேல் ஆகும், இளக்கமே இல்லாத வரிசையில் இரண்டு மூன்று நாள் போய்விடும்.

படத்தில் மூன்றாவது வாரத்துக்கு மூன்று கட்டம்தான் நிரம்பியிருக்கிறது, கோடு நான்கில் இருக்கிறது. நான்காவது கொத்தனாரைத் திங்கட்கிழமையிலிருந்து உள் பூச்சில் இறக்கினால் 24 கொத்தனார்-நாள் கிடைக்கும். மிச்சமிருக்கும் ஒரு நாள் வேலையைக் கடைசிச் சுவர் ஒன்றில் திங்கட்கிழமை ஒருவர் முடித்துவிடுவார். நனைப்பது மற்ற அறைகளில் அதற்குள் தொடங்கியிருக்கும், டைல்ஸ்காரருக்குச் சொன்ன தேதியை மாற்ற வேண்டாம். வெளிப் பூச்சுக்குப் போக வேண்டிய ஒருவர் ஒரு நாள் தாமதமாகப் போவார், அந்த வேலைக்கு ஒரு வாரம் கையிருப்பு உண்டு. மேஸ்திரியிடம் சனிக்கிழமை மாலையே சொல்லிவிட்டால் அந்த நான்காவது ஆளை வேறு தளத்துக்கு ஒப்புக்கொள்ளாமல் நிறுத்திவைப்பார்.